சிறுகதை: "சர்க்கரை கம்மி" – முடிவு இடிக்கிறது, படித்துவிட்டுச் சொல்லுங்கள்

நடைவண்டி எழுதியது, வெள்ளி இரவு 10:12

ஒரு வருடம் கழித்து ஒரு கதை எழுதியிருக்கிறேன். வீட்டில் படித்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு, ஆனா கடைசியில ரெண்டு ஸ்பூன் சர்க்கரை கூடிப்போச்சு" என்றார்கள். தலைப்பைக் கிண்டல் பண்ணுகிறார்களா, நிஜமாகவே சொல்கிறார்களா என்று தெரியவில்லை. தயவு தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

—

கிளாம்பாக்கத்தில் ராத்திரி ஒன்பதரைக்கு ஏறியவன், துவரங்குறிச்சி விலக்கில் பஸ் நின்றபோதுதான் கண் விழித்தான். மணி நாலு இருபது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திமுதிமுவென்று இறங்கினார்கள். அவனுக்குக் கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஐந்து மாதமாக இதே கழுத்து, இதே வலி. வெள்ளிக்கிழமை ராத்திரி மதுரைக்கு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சென்னைக்கு.

இறங்கியதுமே ஐம்பதடி தூரத்திலிருந்து காபி மணம் மூக்கைத் தொட்டது. புளியமரத்தடியில் ஒரு மொபெட். பின்னால் சாக்கு சுற்றிய எவர்சில்வர் கேன். மப்ளர் கட்டிய பெரியவர் ஒருவர்.

"காபியா தம்பி?"

"ஆமாண்ணே. சர்க்கரை கம்மியா."

பெரியவர் டம்ளரை உயரத் தூக்கி ஆற்றினார். நுரை பொங்கியது.

"வாராவாரம் போறீங்க போல?"

"வேலை அங்க, குடும்பம் இங்க."

"பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு. ரெண்டு வயசு. சனிக்கிழமை காலையில என்னைப் பார்த்தா அழுவா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பழகிடுவா. அப்ப நான் கிளம்பிடுவேன்."

"எனக்கும் ஒரு மகன் இருக்கான். துபாய்ல. பார்த்து நாலு வருஷம் ஆச்சு."

இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினான். சில்லறை இல்லை என்றார். ஜிபே பண்ணலாம் என்று போனை எடுத்தான். சார்ஜ் தீர்ந்திருந்தது.

பெரியவர் சிரித்தார். "காசு வேணாம், போங்க தம்பி. காபி ஆறினா சூடு பண்ணிக்கலாம். வயசு ஆறினா சூடு பண்ண முடியாது. பிள்ளையைப் போய்ப் பாருங்க."

கண்கள் கலங்க பஸ் ஏறினான். கிழக்கே மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது.

—

சொற்குவியல் எழுதியது, வெள்ளி இரவு 11:03

மகள் பற்றிய அந்த மூன்று வரி உண்மையாக இருக்கிறது. சனிக்கிழமை அழுது ஞாயிற்றுக்கிழமை பழகும் குழந்தை. அது உங்கள் கதை. மற்றதெல்லாம் யாருடைய கதையோ.

"வயசு ஆறினா சூடு பண்ண முடியாது" என்ற வரியை எழுதும்போது உங்களுக்கே ஒரு சந்தோஷம் வந்திருக்கும். அதனால்தான் அதை எடுக்கச் சொல்கிறேன். ரோட்டோரத்தில் வியாபாரம் செய்கிறவரை ஞானியாக்குவது நம்மிடம் இருக்கும் பழைய வியாதி. ஆட்டோக்காரர், செருப்பு தைக்கிறவர், பூ விற்கிற பாட்டி, எல்லாரும் நம் கதைகளில் கடைசிப் பத்தியில் வாய் திறந்து ஒரு தத்துவம் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று நேரக் கணக்கு. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இறங்கினார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு காபி ஊற்றிக் கொடுத்துக் காசு வாங்க எவ்வளவு குறைத்தாலும் பதினைந்து வினாடி. பத்து நிமிடம் நின்றால் நாற்பது காபி. அந்த அவசரத்தில் ஒருவரிடம் மட்டும் துபாய் மகனைப் பற்றிப் பேசுகிற வியாபாரி அன்றைக்குக் கேனோடு திரும்பிப் போக வேண்டியதுதான். இந்த உரையாடலே நடந்திருக்காது.

கோவை ராசு எழுதியது, வெள்ளி இரவு 11:20

அடுத்த வாரம் குடும்பத்தோடு நாகர்கோவில் போறேன். கார்தான். துவரங்குறிச்சி விலக்குல இந்தக் கடை எந்தப் பக்கம் வரும்? பில்டர் காபியா, இன்ஸ்டன்ட்டா?

நடைவண்டி எழுதியது, வெள்ளி இரவு 11:24

ராசு சார், இது கதை. கடை இல்லை :)

கோவை ராசு எழுதியது, வெள்ளி இரவு 11:31

ஓ. இடத்தின் பேரோடு போட்டதால் நம்பிட்டேன்.

ரூட்_பழசு எழுதியது, சனி காலை 5:48

இந்தத் தடத்தில் இருபத்தேழு வருடம் கண்டக்டர் பை தூக்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். சொற்குவியல் சொன்ன கணக்கு சரி, ஆனால் போட்ட இடம் தப்பு.

ராத்திரி பஸ்ஸுக்கு இரண்டு விதமான நிறுத்தம் உண்டு. ஒன்று, உளுந்தூர்பேட்டைக்கு முன்னே பின்னே மோட்டலில் நிற்பது. மணி பன்னிரண்டரை, ஒன்று இருக்கும். விளக்கு, பாட்டு, கழிப்பறை, பரோட்டா, பதினைந்து இருபது நிமிடம். அங்கே பாதி பஸ் இறங்கும். நீங்கள் சொல்லும் கூட்டம் அங்கேதான்.

விடியற்காலை நாலு மணிக்கு நிற்பது அப்படி இல்லை. எங்கள் பேச்சில் அது நிறுத்தமே இல்லை, "டீக்கு ஓரங்கட்டறது". மூன்றிலிருந்து ஐந்து வரைதான் டிரைவருக்குக் கண் சொருகும் நேரம். திருச்சி தாண்டி நேரான நாலுவழிச் சாலை, எதிரே வெளிச்சம் கிடையாது, வண்டி தன்னால் ஓடுகிற மாதிரி இருக்கும். அதுதான் ஆபத்து. டிரைவர் இரண்டு தடவை கண்ணாடியை ஏற்றி இறக்கினால், காரணம் இல்லாமல் என்னிடம் பேச்சுக் கொடுத்தால், எனக்குப் புரிந்துவிடும். "அண்ணே, டீ சாப்பிட்டுப் போவோமா" என்பேன். நிறுத்துவது அவருக்காகத்தான். உள்ளே விளக்குகூடப் போட மாட்டோம். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடம், மிஞ்சினால் ஏழு. இறங்குவது ஆறு பேர். சிகரெட் பிடிக்கிறவர் இரண்டு பேர், ஒன்றுக்குப் போகிறவர் இரண்டு பேர், தூக்கம் வராத ஒருவர், நான். டிரைவர் ஏழாவது.

ஆகவே பேச நேரம் உண்டு. ஆனால் அந்த நேரம் டிரைவர் கையில் இருக்கிறது. அவர் கப்பைக் கசக்கிப் போட்டால் பேச்சு அங்கேயே நிற்கும், வாக்கியம் பாதியில் இருந்தாலும் சரி. உங்கள் கதையில் டிரைவரே இல்லை.

அப்புறம், கிழக்கு வெளுக்கவே வெளுக்காது. மே மாதக் கடைசியில்கூட அந்தப் பக்கம் சூரியன் வருவது ஆறுக்குப் பத்து நிமிடம் முன்னால்தான். தையில் ஆறரை தாண்டிவிடும். நாலரைக்கு வானம் நல்ல கறுப்பு. வெளுப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மேலூர் தாண்ட வேண்டும்.

சொற்குவியல் எழுதியது, சனி காலை 8:15

நான் நினைத்தது மோட்டலைத்தான். திருத்திக்கொள்கிறேன். டிரைவர் கப்பைக் கசக்குவது கதைக்கு ஒரு கடிகாரம். நடைவண்டி, இதை விட்டுவிடாதீர்கள்.

மணப்பாறை உமா எழுதியது, சனி காலை 9:40

என் அம்மா பஸ் ஸ்டாண்டு வாசலில் பதினொரு வருடம் காபி விற்றார்கள். அதனால் எனக்குக் கதையைவிடக் கேன்மேல்தான் கண் போகிறது. மன்னிக்கவும்.

ஐம்பதடிக்கு மணம் வராது. கேன் மூடித்தான் இருக்கும், மூடாவிட்டால் அரை மணியில் ஆறிவிடும். ரோட்டில் நிற்கிறவருக்கு முதலில் வருவது டீசல் நாற்றமும், பக்கத்து வேலியில் யாரோ ஒன்றுக்குப் போன நாற்றமும்தான். குழாயைத் திறந்து பால் விழுந்த பிறகுதான் காபி மணம் எழும். அதுவும் கப்பை முகத்துக்கு அருகே கொண்டுபோன பிறகு.

"டம்ளரை உயரத் தூக்கி ஆற்றினார்" என்கிறீர்கள். டம்ளர் கழுவத் தண்ணீர் எங்கே? மொபெட்டில் வருகிறவர் பேப்பர் கப்தான் வைத்திருப்பார். பேப்பர் கப்பில் ஆற்ற முடியாது. கைப்பிடி வைத்த ஒரு மக்கில் பாலும் டிகாக்‌ஷனும் விட்டு இரண்டு ஆற்று ஆற்றிக் கப்பில் ஊற்றுவார். சர்க்கரை முதலிலேயே கப்பின் அடியில் விழுந்திருக்கும். "கம்மி" என்றால் அரைக் கரண்டி. ஆற்றுகிற வேகத்தில் மிச்சம் கரைந்துவிடும் என்று அம்மா கலக்கவே மாட்டார்கள். கலக்கினால் ஒரு குச்சி செலவு.

பாலும் டிகாக்‌ஷனும் தனித்தனிப் பாத்திரத்தில் இருக்கிறதா, ஒன்றாகக் கலந்து கேனில் இருக்கிறதா என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். கதைக்கு அது முக்கியம். கலந்து வைத்தால் வேலை சுளுவு, குழாயைத் திருகினால் காபி. ஆனால் இரண்டு மணி நேரத்தில் நிறம் கறுத்து, நாக்கில் ஒரு புளிப்பு ஏறும், பாலில் காய்ந்த வாசனை வரும். மூன்று மணிக்கு வந்தவர் நாலரைக்கு ஊற்றுவது பரவாயில்லை, ஆறு மணிக்கு ஊற்றுவதைக் குடிக்க முடியாது. மானம் உள்ளவர் தனியாகத்தான் வைப்பார்.

அம்மா ராத்திரி ஒன்றரைக்கு எழுந்திருப்பார்கள். கால் கிலோ தூள், ஒன்றேகால் லிட்டர் தண்ணீர். கொதித்து இறக்கி, கொதி அடங்கின பிறகு விட வேண்டும். அதில் அரை லிட்டர் தண்ணீரைத் தூளே குடித்துவிடும். முக்கால் லிட்டர் டிகாக்‌ஷன் இறங்க நாற்பது நிமிடம். தூளை அழுத்தினால் இறங்கவே இறங்காது, சிக்கரி கூடின தூள் என்றால் இன்னும் மோசம், சொட்டுச் சொட்டாக விழும். அந்த நாற்பது நிமிடம்தான் அம்மா சுவரில் சாய்ந்து மறுபடி கண்ணை மூடுவார்கள். முக்கால் லிட்டரில் முப்பத்தைந்து காபி. அதற்குமேல் கேட்டால் இரண்டாவது டிகாக்‌ஷன், அது பழக்கமில்லாத முகங்களுக்கு.

உங்கள் பெரியவர் களைத்த பயணிக்கு அனுதாபம் காட்டுகிறார். யார் ராத்திரி ஒன்றரைக்கு எழுந்தவர்? அவரும்தானே தூங்கவில்லை. கதையில் ஒருவர் மட்டும் களைத்திருப்பது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

நடைவண்டி எழுதியது, சனி பகல் 12:02

உமா, கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். அதை நான் நினைக்கவே இல்லை.

இப்போது என் சிக்கல் காசு. ஐநூறு ரூபாய் நோட்டு, சார்ஜ் இல்லாத போன், இரண்டும் இருக்கட்டும் என்று நினைக்கிறேன். இலவசமாகக் கொடுப்பதை எடுத்துவிட்டால் எப்படி முடிப்பது? பதினைந்து ரூபாய்க் கடனோடு பஸ் கிளம்பிவிடுகிறது, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திரும்பும்போது கொடுக்கிறான் என்று யோசித்தேன்.

ருசிப்பித்தன் எழுதியது, சனி பகல் 12:30

இவ்வளவு டிகாக்‌ஷன் கணக்கு எதற்கு? அந்த நேரத்தில் ரோட்டில் விற்பது சுக்கு காபிதான். காபித்தூளை ரொம்பக் கம்மியாகப் போட்டு, சுக்கு தட்டிப் போட்டு, பனங்கருப்பட்டி. பாலே வேண்டாம், கெடாது. பெரியவரைச் சுக்கு காபிக்காரராக மாற்றிவிடுங்கள்.

மணப்பாறை உமா எழுதியது, சனி பகல் 12:51

பால் இல்லாததால் கெடாது என்பது சரி. ஆனால் சுக்கு காபியில் காபித்தூள் போட வேண்டியதே இல்லை, பலர் போடுவதும் இல்லை. சுக்கு, மல்லி, கருப்பட்டி, மிளகு இருந்தால் கொஞ்சம். பெயரில்தான் காபி. தூக்கத்தை ஓட்டுவது அதன் காரம். அதைவிட முக்கியம், கருப்பட்டி முன்னாலேயே கரைந்து கேனில் இருக்கும். "சர்க்கரை கம்மி" என்று கேட்கவே முடியாது. கதையின் தலைப்பு போய்விடும்!

ருசிப்பித்தன் எழுதியது, சனி பகல் 12:55

எங்கள் ஊரில் தூள் போடுவார்கள். தலைப்பு விஷயத்தில் தோற்றேன்.

ரூட்_பழசு எழுதியது, சனி மாலை 6:20

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது கொடுக்க முடியாது தம்பி. மதுரையில் ஒன்பதரைக்கு எடுத்தால் பத்தே முக்காலுக்கு அந்த இடத்தைத் தாண்டிவிடுவீர்கள். உமா அம்மா கணக்குப்படி அவர் அப்போதுதான் படுத்திருப்பார். அது தவிர, நீங்கள் போவது சாலையின் அந்தப் பக்கம். நடுவில் அரளிச்செடி வைத்த தடுப்பு. அந்த நேரத்தில் எந்த டிரைவரும் நிறுத்த மாட்டார், யாருக்கும் தூக்கம் வந்திருக்காது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் நிச்சயமில்லை. இடம் டிரைவரைப் பொறுத்தது. ஒருவர் விராலிமலை தாண்டியதும் நிறுத்துவார், ஒருவர் மேலூர் வரை இழுப்பார், ஒருவர் நிறுத்தவே மாட்டார். அதே டிரைவர் அதே நாளில் உங்களுக்கு அமைய மூன்று நான்கு வாரம் ஆகலாம்.

இன்னொரு ஓட்டை. ஐநூறுக்குச் சில்லறை இல்லை என்றால் கண்டக்டர் என்ன செய்துகொண்டிருந்தார்? முழுக்க முன்பதிவு வண்டி என்றால் பையில் பெரிதாகப் பணம் இருக்காது என்பது வாஸ்தவம். ஆனாலும் பதினைந்து ரூபாயை நானே கொடுத்திருப்பேன். நூறு தடவை கொடுத்திருக்கிறேன். பாதிக்குமேல் திரும்ப வந்ததில்லை, அது வேறு விஷயம்.

சொற்குவியல் எழுதியது, சனி இரவு 9:10

கண்டக்டரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிடலாம். டயரைத் தட்டிப் பார்க்கப் போயிருக்கிறார், சரியா?

உமா சொன்ன விவரங்களை எல்லாம் கதைக்குள் கொட்டிவிடாதீர்கள் என்று ஒரு எச்சரிக்கை. நாற்பது நிமிடம், முக்கால் லிட்டர், சிக்கரி, எல்லாமே அருமை. கதையில் அவற்றில் ஒன்றுதான் நிற்கும். நான் என்றால் சர்க்கரையை மட்டும் வைத்துக்கொள்வேன்.

மணப்பாறை உமா எழுதியது, சனி இரவு 10:05

கடன் விஷயத்தில் ஒன்று ஞாபகம் வருகிறது. அம்மாவுக்கு முகம் ஞாபகம் இருக்காது. இருட்டில் எல்லா முகமும் ஒன்றுதான், மப்ளரும் குல்லாவும் வேறு. குரலும் சர்க்கரையும்தான் அடையாளம். "சர்க்கரை இல்லாதவரு", "ரெண்டு கரண்டிக்காரரு". கடன் சொல்லிப் போனவர் ஒரு மாதம் கழித்து வந்தாலும் கேட்க மாட்டார்கள். "குடுக்கணுமே" என்று சொன்னதே இல்லை. காபியைக் கையில் கொடுத்துவிட்டு, பத்து ரூபாய் காபிக்கு "இருபது" என்பார்கள். அவ்வளவுதான். வாங்குகிறவருக்கும் தெரியும்.

நடைவண்டி எழுதியது, ஞாயிறு இரவு 11:47

எல்லோருக்கும் நன்றி. மாற்றி எழுதினேன். துபாய் மகனை அனுப்பிவிட்டேன், தத்துவத்தையும். கேன் இருந்த இடத்தில் இரண்டு பாத்திரம்.

—

சர்க்கரை கம்மி

விளக்குப் போடாமலே பஸ் நின்றது. டிரைவர் கதவைத் திறந்து குதிக்கும் சத்தம் கேட்டது. மணி நாலு இருபது. அவன் பக்கத்துச் சீட்டுக்காரரின் முழங்காலைத் தாண்டி, செருப்பைத் தேடிக் கிடைக்காமல் வெறுங்காலோடு இறங்கினான். தார் இன்னும் சூடாக இருந்தது.

ஐந்தாறு பேர் ஆளுக்கொரு பக்கம் இருட்டுக்குள் போனார்கள். கண்டக்டர் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே பின்பக்கம் நடந்தார். புளியமரத்தடியில் ஒரு மொபெட், அதன்மேல் ஒரு சின்ன விளக்கு. டிரைவர் ஏற்கெனவே கையில் கப்போடு நின்றார். அவருக்கு யாரும் என்ன வேண்டும் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

"சர்க்கரை கம்மியா ஒண்ணு, அண்ணே."

பெரியவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கரண்டியைச் சர்க்கரை டப்பாவில் விட்டு, பாதியைத் திரும்ப டப்பாவிலேயே தட்டினார். மக்கில் பால், அதன்மேல் டிகாக்‌ஷன். இரண்டு ஆற்று. ஊற்றும்போது கொட்டாவி வந்தது அவருக்கு. வாயை மூடவில்லை, இரண்டு கையிலும் வேலை இருந்தது.

அந்தக் கொட்டாவி அவனுக்கும் தொற்றியது.

"மதுரையா?"

"ஆமாண்ணே. வாராவாரம்."

"ம்."

"பாப்பா இருக்கா. ரெண்டு வயசு. சனிக்கிழமை என்னைப் பார்த்தா அழுவா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான்…"

டிரைவர் கப்பைக் கசக்கினார்.

அவன் வாய் சுடச் சுட மிச்சத்தை விழுங்கினான். பையில் ஐநூறு ரூபாய்த் தாள் ஒன்றுதான். பெரியவர் அதைத் தொடவே இல்லை. டப்பா மூடியில் ஒட்டியிருந்த கட்டக் கட்டமான அட்டையைக் காட்டினார். போன் செத்துப்போயிருந்தது. அதை அவரிடம் காட்டினான், கறுப்புக் கண்ணாடியில் அந்தச் சின்ன விளக்கு மட்டும் தெரிந்தது.

"ஏறுங்க, ஏறுங்க," என்றார் பெரியவர். அவன் நகரும் முன்பே மக்கைக் கவிழ்த்து உதறினார்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் புளியமரம் ஒன்று பின்னால் ஓடியது. அதுதானா என்று தெரியவில்லை. எல்லாப் புளியமரமும் ஒன்றுபோல இருந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் மேலூரில் நின்றது. அதற்கடுத்த வாரம் நிற்கவே இல்லை. சட்டைப் பையில் ஒரு பத்தும் ஓர் ஐந்து ரூபாய் நாணயமும் தனியாக வைத்திருந்தான். சட்டை மாறும்போது அவையும் மாறின. ஒரு சனிக்கிழமை பாப்பா அந்த நாணயத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருந்தாள்.

நாலாவது வாரம், நாலரைக்கு, விளக்குப் போடாமல் பஸ் நின்றது.

இறங்கினான். முன்னால் இரண்டு பேர். மூன்றாவதாக நின்று, "அண்ணே, ஒரு காபி," என்றான்.

பெரியவர் நிமிரவில்லை. கரண்டியைச் சர்க்கரை டப்பாவில் விட்டு, பாதியைத் திரும்பத் தட்டினார். இரண்டு ஆற்று. கப்பை நீட்டினார்.

"முப்பது."

—

மணப்பாறை உமா எழுதியது, திங்கள் காலை 6:30

கொட்டாவி.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "முப்பதா, காபி பதினஞ்சு ரூபாயா இப்ப" என்று கேட்டார்கள்.

சொற்குவியல் எழுதியது, திங்கள் காலை 9:02

இது வேறு கதை. நல்ல கதை. ஆனால் சண்டை போட இரண்டு இடம் இருக்கிறது.

ஒன்று, பாப்பா நாணயத்தை வாயில் போட்டுக்கொள்வது. இரண்டு வயதுக் குழந்தை காசை விழுங்கிவிடுமோ என்ற பயத்தில் எனக்கு அடுத்த நாலு வரி ஓடவில்லை. அழாமல் இருந்தாள் என்பதற்காக வைத்திருக்கிறீர்கள், புரிகிறது. கையில் வைத்திருக்கட்டுமே.

இரண்டு, "முப்பது" வேண்டுமா? சர்க்கரையைத் திரும்பத் தட்டிய இடத்திலேயே அடையாளம் கண்டுவிட்டார் என்பது வந்துவிட்டது. அவன் இந்தத் தடவை "கம்மி" என்று சொல்லவே இல்லை, கவனித்தேன். அங்கேயே நிறுத்தியிருந்தால் வாசகன் தானே எண்ணிக்கொள்வான்.

ருசிப்பித்தன் எழுதியது, திங்கள் காலை 9:20

"முப்பது" இல்லாவிட்டால் எனக்குப் புரிந்திருக்காது. நேர்மையாகச் சொல்கிறேன். சர்க்கரையைத் தட்டியதை நான் தாண்டிப் போய்விட்டேன்.

மணப்பாறை உமா எழுதியது, திங்கள் காலை 10:11

"முப்பது" இருக்க வேண்டும். சர்க்கரை அவர் காட்டுகிற பிரியம் என்று நினைத்துவிடுவீர்கள். காசையும் அவர் மறக்கவில்லை. அந்த வியாபாரத்தில் இரண்டும் ஒன்றுதான், பிரித்துப் பார்க்க ஆரம்பித்தால் மறுபடி அவரைச் சாமியாக்கிவிடுவீர்கள்.

சொற்குவியல் எழுதியது, திங்கள் காலை 10:40

நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் உங்கள் அம்மா பக்கம் நின்று வாதாடுகிறவரிடம் என்ன சொல்ல.

கோவை ராசு எழுதியது, திங்கள் பகல் 1:15

எனக்கு ஒரு சந்தேகம். அவன் முப்பது கொடுத்தானா? கையில் சரியாகப் பதினைந்துதானே தனியாக எடுத்து வைத்திருந்தான்? இன்னொரு பதினைந்துக்கு மறுபடி ஐநூறை நீட்டினால் என்ன ஆகும்?

நடைவண்டி எழுதியது, திங்கள் பகல் 1:22

ராசு சார்!! இதை நான் யோசிக்கவே இல்லை. போனில் சார்ஜ் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாமா, இல்லை அப்படியே விட்டுவிடலாமா?

ரூட்_பழசு எழுதியது, திங்கள் மாலை 5:55

விட்டுவிடுங்கள். அந்த மீதிப் பதினைந்தைக் கண்டக்டர் கொடுப்பார். டயர் நாலு வாரத்துக்கு முன்னாலேயே தட்டியாயிற்று.

ஒன்று மட்டும் மாற்றுங்கள். நாலரை மணிக்குத் தார் சூடாக இருக்காது. சித்திரையில்கூட அந்நேரம் வெதுவெதுப்புதான். வெறுங்காலோடு நான் நின்றிருக்கிறேன்.